வெற்றி வீதம் மறைக்கும் விலை

ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரைகள் ஓடும்போது, வாவிக்கரையிலும் சிலர் ஜொக்கிகளின் வெற்றி வீதத்தை எண்ணத் தொடங்குகின்றனர். சூது தகாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அவர்கள் நம்பும் கணக்கே பிழையானது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஜொக்கி 100 ஓட்டங்களில் 25 வென்றார் எனக் கொள்வோம். அவர் ஏறியவை யாவும் 100 ரூபாய்க்கு 200 ரூபாய் இலாபம் தரும், பலரும் விரும்பிய குதிரைகள். ஓட்டத்துக்கு 100 ரூபாய் கட்டியவர் 10,000 செலுத்தி, 7,500 மட்டுமே திரும்பப் பெறுவார். அந்த விலைக்கு 34 வெற்றிகளாவது வேண்டும்.

வேறொரு பயிற்றுநரின் குதிரைகள் 100இல் 10 தடவைதான் வென்றன. இலாபமோ 100க்கு 1,200. திரும்பி வருவது 13,000. இங்கு முதலை மீட்க 8 வெற்றிகளே போதும். ஆனால், 8க்கும் 10க்கும் இடையிலான வேறுபாடு தற்செயலாகவும் நேரும். அடுத்த 100இல் அது 6 ஆகலாம்.