எந்த மாடிக்கு வரட்டும்?

“வியாழக்கிழமை காலை 10 மணிக்கு நேர்முகத் தேர்வு” என்று மின்னஞ்சல் வந்ததும் என் நாத்தனார் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் புடவை உடுத்துவது என்ற யோசனையில் இறங்கிவிட்டாள். நான்தான் கடிதத்தை மறுபடியும் படித்தேன். கம்பெனியின் பெயருக்குக் கீழே, “பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை” என்றிருந்தது. அவ்வளவுதான்!

“ஏண்டியம்மா, இவர்களுக்குத் தரமணியிலும் ஆபீஸ், சிறுசேரியிலும் ஆபீஸ். இரண்டும் அந்தச் சாலையில்தான். நடுவே சுமார் 20 கிலோமீட்டர். நீ எங்கே போய் இறங்குவாய்?”

“தரமணியாகத்தான் இருக்கும், மாமி. போய்க் கேட்டுக்கொண்டால் போச்சு!”

அங்கேதான் சங்கடம். இத்தகைய கட்டடங்களில் எந்த பிளாக், எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால்தான் வாசலில் அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். தேர்வு ஏழாவது மாடியில் நடக்கலாம். ஆனால் முதலில் பெயரைப் பதிவு செய்வது இரண்டாவது மாடியில் இருக்கலாம். அதைத்தான் ‘ரிப்போர்ட்டிங் ஃப்ளோர்’ என்கிறார்கள். அதை விட்டு நேரே ஏழுக்குப் போனால், அட்டை காட்டாமல் கதவு திறக்காது!

“கேட்டால் அசடு என்று நினைப்பார்களோ?” என்று தயங்கியவள், கடைசியில், “இடத்தைத் தயவுசெய்து தெரிவிக்கவும்” என்று ஒரு வரி எழுதினாள். இப்படிக் கேட்டால் பழைய விலாசத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாம் புரிந்துகொண்டதை எழுதி, சரியா என்று கேட்டால் அவர்கள் திருத்துவது சுலபம். அவள் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

“ஐயா, கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு வியாழன் காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். இடம் தரமணி அலுவலகம் என்று எண்ணுகிறேன், சரிதானா? எந்த பிளாக்கில், எந்த மாடியில், யாரிடம் வந்ததைத் தெரிவிக்க வேண்டும்? வாசலில் காட்ட எந்த அடையாள அட்டை தேவை?” கீழே பெயரும் தொலைபேசி எண்ணும்.

தனிக் கடிதமாக அனுப்பாமல், வந்த கடிதத்துக்கே பதிலாக அனுப்பச் சொன்னேன். அப்போது பழைய விவரமெல்லாம் கூடவே போகும். ஆனால் அனுப்பிய விலாசம் ‘noreply’ என்று தொடங்கியது. அது யந்திரம் அனுப்பும் விலாசம். அதற்கு எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். கடிதத்தின் அடியில் கையெழுத்திட்டிருந்த அதிகாரியின் விலாசத்தை மாற்றிப் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே அனுப்பியும் விட்டாள். புதன் இரவு அனுப்பியிருந்தால் யார் பார்ப்பார்கள்?

மாலையில் பதில் வந்தது. “இடம் சிறுசேரி. பி பிளாக், தரைத்தளத்தில் 9.30-க்குப் பதிவு. ஆதார் அட்டை கொண்டு வரவும்.”

தரமணி அல்ல, சிறுசேரி! பெண் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வியாழனன்று ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினோம். வாசல் காவலர் கேட்டபோது, அந்தப் பதிலையே கைபேசியில் எடுத்துக் காட்டினாள்.

வேலை கிடைத்ததா என்கிறீர்களா? முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அன்று, “தரமணிக்குப் போய்விட்டேன், ஸார்!” என்று 11 மணிக்கு வியர்க்க விறுவிறுக்க ஒரு பிள்ளை ஓடி வந்தானே, அவன் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.