காத்திருந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல்

ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லை. அதனால் குளிர்காலத்தில் ஜெர்மனியின் காலை 10 மணி நமக்குப் பிற்பகல் 2.30, அந்த ஞாயிறுக்குப் பிறகு 1.30. திருப்பூர் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் ஒருவர் இதைக் கவனிக்காமல், செவ்வாய்க்கிழமை வழக்கம்போல 2.30-க்கு வீடியோ கூட்டத்தின் லிங்க்கை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒருவரும் இல்லை. பையரும் அவரது குழுவில் மூவரும் 20 நிமிடம் காத்திருந்து கலைந்து போயிருக்கிறார்கள். காலர் அளவையும் துணியின் நிறத்தையும் முடிவுசெய்ய வேண்டிய கூட்டம் அது.

இந்த இடத்தில் பலர் செய்வது, “தவிர்க்க முடியாத காரணத்தால் கலந்துகொள்ள முடியவில்லை, அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்” என்று ஒரு வரி தட்டிவிடுவது. படிப்பவருக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை. யார் தவறு, என்ன நடந்தது, இனி என்ன என்ற மூன்று கேள்விகளும் அப்படியே நிற்கின்றன. வேறு சிலர் எதிர்த்திசையில் போவார்கள். மின்வெட்டு, நெட் கோளாறு, உறவினர் உடல்நிலை என்று காரணங்கள் இரண்டு பத்திக்கு நீளும். காரணம் நீள நீள, தப்பிக்கப் பார்க்கிறார் என்ற எண்ணமே வலுக்கும்.

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் வேறு இருவரும் 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்துப் பார்த்தது: வருத்தம் தெரிவிப்பது, நடந்ததை விளக்குவது, பொறுப்பேற்பது, இனி நடக்காது என்பது, சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. இவற்றில் அதிக எடை பெற்றது ‘தவறு என்னுடையது’ என்ற பொறுப்பேற்பு. அடுத்த இடம் சரிசெய்ய முன்வருவதற்கு. கடைசி இடம், நாம் முதலில் எழுதத் துடிக்கும் ‘தயவுசெய்து மன்னித்துவிடுங்கள்’ என்ற வரிக்கு.

திருப்பூர்க்காரர் எழுத வேண்டிய மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“பொருள்: இன்று 10 மணிக் கூட்டத்துக்கு நான் வரவில்லை – மன்னிக்கவும்

வணக்கம். இன்று காலை நீங்கள் நால்வரும் 20 நிமிடம் காத்திருந்தீர்கள். நான் வரவில்லை, தகவலும் சொல்லவில்லை. உங்கள் ஊரில் கடிகாரம் மாறியதை நான் கவனிக்கவில்லை. தவறு என்னுடையது. காலர் அளவுப் பட்டியலையும் சாயமிட்ட மூன்று துணித்துண்டுகளின் படங்களையும் இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு மின்னஞ்சலிலேயே பதில் சொன்னாலும் போதும். பேசுவது நல்லது என்று நினைத்தால், உங்கள் நேரப்படி நாளை 9 மணி அல்லது வியாழன் 11 மணிக்கு நான் தயார். இனி எல்லாக் கூட்டங்களையும் உங்கள் ஊர் நேரத்திலேயே காலண்டரில் குறித்துவைப்பேன்.”

காரணம் இதில் ஒரே வாக்கியம். உண்மையான காரணம் என்பதால் அதுவே போதும். காத்திருந்தவர்கள் இழந்த நேரத்தை எழுதுபவரே எடுத்துச் சொல்கிறார். அவர்கள் நினைவூட்ட வேண்டிய அவசியமில்லை. கூட்டத்தில் காட்ட வேண்டியதைக் கையோடு அனுப்பியதால், இன்னொரு கூட்டத்துக்கு நேரம் ஒதுக்கும் சுமையும் அவர்கள் தலையில் விழவில்லை. ‘உங்களுக்கு எப்போது வசதி?’ என்று கேட்டிருந்தால் நால்வரின் நேரத்தை ஒத்துப்பார்க்கும் வேலை பையருடையதாகியிருக்கும்.

தெரிந்த நிமிடமே அனுப்ப வேண்டும். மாலைவரை யோசித்து மெருகேற்றினால் அந்த மௌனம் இரண்டாவது அவமரியாதை. காத்திருந்த அத்தனை பேரையும் சிசியில் சேர்க்க வேண்டும். பையருக்கு மட்டும் தனியாக எழுதினால் மற்ற மூவர் கணக்கில் அவர் இன்னும் மன்னிப்புக் கேட்காதவர்தான். சம்மதம் வருமுன் புதிய கூட்ட அழைப்பைக் காலண்டரில் அனுப்பக் கூடாது.

பதில் வராவிட்டால் மீண்டும் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். அது ‘பரவாயில்லை’ என்று சொல்லவைக்கும் நெருக்கடியாகிவிடும். இரண்டு வேலைநாள் விட்டு, துணி நிறம் பற்றி மட்டும் கேட்டு எழுதலாம்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பியக் கடிகாரம் பின்னோக்கிப் போகும். அப்போது கவனிக்காதவர் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்திருப்பார். தவறு வெளியே தெரியாது. மாட்டிக்கொள்வது மார்ச்சில்தான். அதே காரணத்தைச் சொல்லி வரும் இரண்டாவது மன்னிப்பை எந்த பையரும் நம்ப மாட்டார். அடுத்த மார்ச் கடைசி ஞாயிறை இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.