கடலை ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்

நவராத்திரி வந்தால் ஒன்பது நாளும் சுண்டல். கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பட்டாணி என்று மாறி மாறி வரும். கூடவே வயிற்று உப்புசமும் வந்துவிடுகிறது என்று பலர் ஆசைப்பட்டாலும் ஒரு வாய்க்கு மேல் எடுப்பதில்லை. கடலையை ஊறப்போடு, நன்றாக வேகவை, பெருங்காயம் சேர் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் மூன்றும் சரிதான். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எது எதைச் சரிசெய்கிறது என்று தெரிந்தால், உங்கள் வீட்டுச் சுண்டலில் எங்கே கோளாறு என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், வாயு எங்கிருந்து வருகிறது? பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. விதை காய்ந்து கிடக்கும் காலத்தைத் தாக்குப்பிடிக்கவும், முளைவிடும்போது செலவழிக்கவும் செடி சேர்த்துவைக்கும் சேமிப்பு இது. இவற்றை உடைக்கும் நொதி மனிதனின் சிறுகுடலில் கிடையாது. எனவே அவை உடையாமல் அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவை அதைப் புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. சிலருக்கு மீத்தேனும் சேரும். இந்த மூன்றுக்கும் வாசனை கிடையாது. நாற்றம் வருவது மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் கந்தக வாயுக்களால்.

உணவு பெருங்குடலை எட்டச் சில மணி நேரம் ஆகும். ஆகவே மதியம் சாப்பிட்ட சுண்டலின் தொல்லை பெரும்பாலும் மாலையில்தான் தெரியும். சாப்பிட்டு எழுந்ததுமே வரும் ஏப்பத்துக்குக் கடலையைக் குறை சொல்ல முடியாது. அவசரமாக விழுங்கும்போது உள்ளே போன காற்று அது.

இனி ஊறவைப்பதைப் பார்ப்போம். மேலே சொன்ன சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். கால் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க, அதாவது எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வைத்தால், கடலை ஏறத்தாழ தன் எடை அளவுக்கு நீரைக் குடித்து உப்பும். அதே நேரத்தில் சர்க்கரையில் ஒரு பங்கு நீரில் இறங்கும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: சத்து வீணாகிவிடும் என்று ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வெளியே வந்த சர்க்கரை திரும்பவும் நம் தட்டுக்கே வந்துவிடுகிறது. தண்ணீரைக் கொட்டும்போது சில பி வைட்டமின்களும் தாது உப்புகளும் கொஞ்சம் போகும் என்பது உண்மை. ஆனால் வாயுத் தொல்லை உள்ளவருக்கு அந்த இழப்பு பெரிதல்ல. கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும்.

கோடையில் ஒரு எச்சரிக்கை. காலையில் பார்க்கும்போது தண்ணீரின் மேல் நுரை கட்டிப் புளித்த வாடை அடித்தால், ஊறல் அளவு மீறிவிட்டது. வெயில் காலத்தில் நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுவது நல்லது. இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள். முந்தின இரவே மறந்துபோனால் குறுக்கு வழி உண்டு. கடலையை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சூடான நீரில் சர்க்கரை இன்னும் வேகமாக இறங்கும். முளைகட்டினால் பலன் அதிகம்; முளைக்கும்போது விதையே தன் சேமிப்பைத் தின்று தீர்த்துவிடும்.

அடுத்தது குக்கர். இந்தச் சர்க்கரைகள் சூட்டில் அழிவதில்லை. எத்தனை விசில் விட்டாலும் அவை குக்கருக்குள்ளேயேதான் இருக்கும். கொஞ்சம் வெந்த தண்ணீருக்கு மாறும், அவ்வளவுதான். குக்கரின் வேலை வேறு. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியைத் தாண்டாத சூடு, குக்கரில் சுமார் 120 டிகிரி வரை போகிறது. அந்தச் சூட்டில் கடலையின் செல் சுவர்கள் இளகுகின்றன, மாவுச்சத்து முழுதாக வேகிறது, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் செயலிழக்கின்றன. அரைவேக்காட்டுக் கடலையில் மாவுச்சத்தும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாக்களுக்குக் கூடுதல் தீனியாகிவிடும்.

ஊறிய கடலைக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, பதினைந்து இருபது நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்க விடுங்கள். ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். நடுவில் நெருடாமல் மசிந்தால் வெந்துவிட்டது. எவ்வளவு வைத்தாலும் வேகவில்லை என்றால், கடலை பழசாக இருக்கலாம், அல்லது உப்புத் தண்ணீராக இருக்கலாம். கடினநீரில் உள்ள கால்சியம் கடலையை இளக விடாது. புளியும் அப்படித்தான், அதனால்தான் பருப்பு வெந்த பிறகு புளி சேர்க்கிறோம். வேகாத கடலைக்குச் சமையல் சோடா போடுவார்கள். சீக்கிரம் மசியும், ஆனால் பி1 வைட்டமின் அழியும்.

ராஜ்மாவுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால், அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் சில மணி நேரத்தில் கடும் வாந்தியை உண்டாக்கும். ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் கொதிக்கவைத்தால் அது அழிந்துவிடும். கொதிநிலையை எட்டாத மெல்லிய சூட்டில் சமைப்பது ஆபத்து.

கடைசியாகப் பெருங்காயம். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் விளையும் ஒருவகைச் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பிசின் இது. கடையில் வாங்கும் பெருங்காயத்தில் கோதுமை மாவு, கருவேலம் பிசின் போன்றவை கலந்திருக்கும். இது கடலையில் உள்ள சர்க்கரையை உடைப்பதில்லை. இதன் வேலை நம் குடலில் நடக்கிறது. கினிப்பன்றியின் குடல்துண்டை வைத்துச் செய்த சோதனையில், பெருங்காயச் சாறு குடல்தசையின் இறுக்கத்தைத் தளர்த்தியது. வயிறு முறுக்கிக்கொண்டு காற்று நகராமல் நிற்கும் வேதனைக்குப் பெருங்காயம் இதம் தருவதாக நாம் காலங்காலமாகச் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு என்பதால், அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம்.

அதன் வாசனைப் பொருள்கள் எண்ணெயில் எளிதில் கரையும். எனவே கடுகு வெடித்ததும் ஒரு சிட்டிகை எண்ணெயில் பொரிய விட்டு, உடனே கடலையைக் கொட்டிக் கிளறுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பெருங்காயத்தை உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் உப்புசம் வந்தால், அளவைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். தினம் இரண்டு கரண்டியில் தொடங்கிச் சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டால் பெரும்பாலோருக்குத் தொல்லை குறையும். கடலை வெந்த தண்ணீரில் ரசம் வைக்கும் வழக்கம் இருந்தால், அந்த நாட்களில் மட்டும் அதை நிறுத்திப் பாருங்கள். எடை குறைவது, மலத்தில் ரத்தம், விடாத வயிற்றுவலி இவை இருந்தால் பழியைக் கடலை மேல் போடாமல் மருத்துவரிடம் போங்கள்.