இரண்டு வாரம் குறைக்க எவ்வளவு ஆகும்?

திட்ட மேலாண்மைத் தேர்வுகளில் மாணவர்களைச் சறுக்க வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு மென்பொருள் வேலை 16 வாரத்தில் முடியும். 14 வாரத்தில் முடித்துத் தர வேண்டும். எந்த வழி மலிவு?

வேலை இப்படிப் போகிறது: வடிவமைப்பு 4 வாரம், புரோகிராம் எழுத 6, அதை இணைக்க 3, சோதனைக்கு 3. மொத்தம் 16. வடிவமைப்பு முடிந்ததும் இன்னொரு குழு பழைய தரவுகளைப் புதிய முறைக்கு மாற்றத் தொடங்குகிறது. அதற்கு 8 வாரம். அந்தப் பாதையில் சோதனையையும் சேர்த்தால் 15 வாரம். நீளமான 16 வாரப் பாதைதான் ‘கிரிட்டிக்கல் பாத்’. டூபான்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் 1957 வாக்கில் இம்முறையை வகுத்தபோதே, பணம் கொடுத்து நாளைக் குறைக்கும் கணக்கும் அதற்குள் இருந்தது.

அதுதான் கிராஷிங்: ஆளையோ ஓவர்டைமையோ கூட்டுவது. ஒரு வாரம் குறைக்க, புரோகிராமுக்கு 15,000 ரூபாய், சோதனைக்கு 25,000, தரவு மாற்றத்துக்கு 12,000, வடிவமைப்புக்கு 40,000 என்று கேள்வி சொல்கிறது. இணைப்பைக் குறைக்க முடியாது. மிக மலிவு தரவு மாற்றம் என்று அதில் கை வைத்தால் பணம்தான் போகும். 16 வாரப் பாதை அப்படியே நிற்கும். சரி, புரோகிராமையே இரண்டு வாரம் குறைத்து 30,000 ரூபாயோடு முடிக்கலாமே? பலர் விழுவது இங்கேதான். முதல் வாரம் குறைந்ததுமே இரண்டு பாதைகளும் 15 வாரமாகிவிடுகின்றன. அடுத்த வாரத்துக்கு இரண்டையும் சேர்த்தே சுருக்க வேண்டும். புரோகிராமும் தரவு மாற்றமும் சேர்ந்தால் 27,000. இரு பாதைக்கும் பொதுவான சோதனையைக் குறைத்தால் 25,000. ஆக, மொத்தச் செலவு 40,000 ரூபாய்.

ஃபாஸ்ட் டிராக்கிங்கில் கூடுதல் ஆள் இல்லை. இணைப்பு முடியுமுன்பே, 11-ஆம் வார முடிவில், கையில் இருக்கும் பகுதிகளையும் தரவுகளையும் வைத்துச் சோதனை தொடங்குகிறது. கணக்கு 14 வாரத்துக்கு வந்துவிடும். ஆனால் சோதித்த பகுதி பிறகு மாறினால் மறுபடி செய்ய வேண்டும். அதற்கு 30 சதவீத வாய்ப்பு, செலவு 1,00,000 ரூபாய் என்கிறது கேள்வி. எதிர்பார்ப்புச் செலவு 30,000. கிராஷிங்கைவிட 10,000 மிச்சம்.

மறுவேலை நேரத்தையும் தின்னும். அதனால் ஒரு வாரம் தாமதமாகி, 50,000 ரூபாய் அபராதம் விழும் என்று கேள்வியில் ஒரு வரி கூடினால் 1,50,000-இல் 30 சதவீதம், அதாவது 45,000. இப்போது கிராஷிங்தான் மலிவு. அந்த ஒரு வரி பெரும்பாலும் கேள்வியின் கடைசியில்தான் இருக்கும்.