திண்டிவனத்தில் ஏறுகிறவருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

பஸ் டிக்கெட் விற்கும் ஆப் ஒன்றில் புதிய வசதி வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். 'பஸ் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட்டை ரத்து செய்தால் முழுப் பணம், அதற்குப் பிறகு என்றால் பாதி.' என்ன வேண்டும் என்று சொல்கிற ப்ராடக்ட் ஓனர் எழுதித் தந்த ஸ்டோரி இவ்வளவுதான். படித்தால் எல்லாருக்கும் புரிகிறது. டெவலப்பர் அன்றே உட்கார்ந்தால் மாலைக்குள் முடித்துவிடுவார்.

அதற்கு முன் அரை மணி நேரம் டெஸ்டரையும் சேர்த்து மூவரும் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் 'த்ரீ அமிகோஸ்' என்று பெயர். ஸ்பானிய மொழியில் அமிகோஸ் என்றால் நண்பர்கள். இந்தப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்க மென்பொருள் ஆலோசகர் ஜார்ஜ் டின்விடி.

டெஸ்டர் ஒரு பயணியைக் கொண்டுவருகிறார். பஸ் கிளாம்பாக்கத்தில் இரவு 8 மணிக்குப் புறப்படுகிறது. பயணி திண்டிவனத்தில் 9:30-க்கு ஏறுகிறார். டிக்கெட் 800 ரூபாய். முந்தின நாள் இரவு 8:45-க்கு ரத்து செய்கிறார்.

"இவருக்கு எவ்வளவு குடுக்கணும்?"

டெவலப்பர் யோசிக்காமல் 400 என்கிறார். பஸ் கிளம்ப 23 மணி 15 நிமிடம்தானே இருக்கிறது. ப்ராடக்ட் ஓனர் 800 என்கிறார். பயணியின் கணக்கில் அவர் ஏற இன்னும் 24 மணி 45 நிமிடம் இருக்கிறது. 'புறப்பட' என்ற ஒரே சொல்லை இருவரும் இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள், பேசும்வரை இருவருக்கும் அது தெரியாது. கோடிங் தொடங்கியிருந்தால் டெவலப்பரின் அர்த்தமே ஆப்பில் ஏறியிருக்கும். தவறு தெரியவருவது திண்டிவனத்துக்காரர் புகார் செய்யும்போதுதான்.

இந்தப் பேச்சை ஒழுங்காக நடத்த மேட் வின் என்பவர் வண்ண அட்டை முறை ஒன்றைத் தந்தார். ஸ்டோரிக்கு மஞ்சள், விதிக்கு நீலம், உதாரணத்துக்குப் பச்சை, விடை தெரியாத கேள்விக்குச் சிவப்பு. அவர் சொல்லும் நேரம் சுமார் 25 நிமிடம். மேசையில் நீலம் பெருகினால் ஸ்டோரி பெரிது, அதைப் பிரிக்க வேண்டும். சிவப்பு பெருகினால் வேலைக்கு எடுக்க அது இன்னும் தயாராகவில்லை. திண்டிவனம் கேள்வி சிவப்பு அட்டையில் ஏறுகிறது, ஏனென்றால் விடை பஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. மூவரும் ஊகித்து முடிவெடுக்கக் கூடாது. ப்ராடக்ட் ஓனர் கேட்டு வர வேண்டும்.

இது கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. பத்துப் பேரை அழைத்தால் அது வழக்கமான மீட்டிங் ஆகிவிடும். மூன்று வாரம் முன்பே பேசினால் பாதி மறந்துபோகும். ப்ராடக்ட் ஓனர் மட்டும் பேச, மற்ற இருவரும் தலையாட்டினால் அது வெறும் வாசிப்பு. பச்சை அட்டை ஒன்றுகூட விழாமல் கூட்டம் முடிந்தால் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று அறியலாம்.

தீபாவளி முன்பதிவு நெரிசலில் ஆப் திணறுமா என்பதை இந்த மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆப்பை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.