குரூப்பில் போடும் கடைசி மெசேஜ்

வேலையை விட்டுப் போகிறவர்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் மெசேஜ் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். ‘கனத்த இதயத்துடன்’ என்று தொடங்கும், ‘நிறைய கற்றுக்கொண்டேன்’ என்று நீளும், ‘தொடர்பில் இருப்போம்’ என்று முடியும். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். படிப்பவர்களும் ஒரு கும்பிடு எமோஜியைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நாலு வரியிலேயே மனசைத் தொட வேண்டுமென்றால், அந்த ஆபீசுக்கு மட்டுமே தெரிந்த ஒரு சங்கதி அதில் இருக்க வேண்டும். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து போகிறவர் இப்படி எழுதலாம்:

“எல்லோருக்கும் வணக்கம். இன்று இங்கே எனக்குக் கடைசி நாள். மார்ச் கணக்கு முடிக்கும் ராத்திரிகளில் டிஸ்பாட்ச் அண்ணன்கள் வாங்கிவந்த பரோட்டாவை மறக்க முடியாது. என் ஃபைல்களைப் பக்கத்து சீட் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டேன். பழைய பில்லில் சந்தேகம் வந்தால் இதே நம்பருக்குக் கூப்பிடுங்கள். ரொம்ப நன்றி.”

அந்தப் பரோட்டா வரியைப் படித்ததும் டிஸ்பாட்ச்காரர்கள் சிரிப்பார்கள், மற்றவர்களுக்கும் அந்த ராத்திரிகள் ஞாபகம் வரும். இதில் ஆட்களின் பெயரைச் சொல்லாமல் பிரிவைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பத்துப் பேருக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னால், பதினோராவது ஆள் அதை வருஷக்கணக்கில் மறக்கமாட்டார். அப்படித் தனியாகச் சொல்ல வேண்டிய நன்றியை நேரில் போய்ச் சொல்வதுதான் அழகு. புதுக் கம்பெனியின் பெயரும் ஏன் போகிறோம் என்ற விளக்கமும் குரூப்புக்கு வேண்டாம். மேலதிகாரி மேல் இருக்கும் வருத்தம் வேண்டவே வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? போகச் சொல்லி அனுப்பப்பட்டவர் என்றால் முதல் வரியும் நன்றியும் போதும்.

காலையிலேயே போட்டுவிட்டால் நாள் முழுக்க ‘ஏன், எங்கே’ என்று விசாரிப்பார்கள், ஒப்படைக்கிற வேலை ஓடாது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் போடுவது நல்லது. போட்ட பிறகு பிழை கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குள் வாட்ஸ்அப்பிலேயே திருத்திவிடலாம்.

பலர் மெசேஜைப் போட்ட கையோடு குரூப்பை விட்டும் வெளியேறிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் வாழ்த்துகள் எதுவும் அவர்கள் கண்ணில் படாது. ஆபீஸ் தரப்பில் உடனே வெளியேறச் சொல்லவில்லை என்றால் மறுநாள் வரை இருந்து, வந்த வாழ்த்துகளுக்கு ஒரு வரி பதில் போட்டுவிட்டுப் போகலாம். இப்போதெல்லாம் நாம் வெளியேறும் தகவல் அட்மின்களுக்கு மட்டும்தான் போகிறது. நாமே ஒரே அட்மினாக இருந்தால் மட்டும், போகுமுன் வேறொருவரை அட்மின் ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் தன்பாட்டுக்கு யாரையாவது அட்மின் ஆக்கிவிடும், அது போன வாரம் சேர்ந்த டிரெய்னியாகக்கூட இருக்கலாம்.