ஒப்பந்தத்தில் 05/06/2024 எந்த நாள்?

அமெரிக்க நிறுவனம் எழுதிய ஒப்பந்தத்தில் 05/06/2024 என்றிருந்தால் அது மே 6. இந்திய வழக்கப்படி படித்தால் ஜூன் 5. ஒரு மாத வேறுபாடு. அதே ஆவணத்தில் 06/25/2024 போல 12-ஐத் தாண்டிய எண் நடுவில் வந்தால் மாதமே முதலில் என்பது தெளிவாகும். அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால் ஊகிக்காமல் ஒப்பந்தத்தை அனுப்பியவரிடம் கேட்டுக்கொள்வதே சரி. மொழிபெயர்ப்பில் '2024 மே 6' என்று மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் குழப்பம் அங்கேயே நின்றுவிடும்.

பழைய தமிழ்ப் பத்திரங்களில் 'தை மாதக் கடைசிக்குள்' என்று தவணை இருக்கும். தை முடிவது பிப்ரவரி நடுவில். 'ஜனவரி இறுதி' என்று பெயர்த்தால் கடன்காரர் இரண்டு வாரத்தை இழப்பார். தமிழ்த் தேதியை அப்படியே வைத்து, அந்த ஆண்டின் பஞ்சாங்கம் பார்த்து ஆங்கிலத் தேதியை அடைப்புக்குறியில் சேர்ப்பது வழக்கம்.

கெடுவைக் குறிக்கும் சொற்கள் இன்னும் வழுக்கும். 'அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 15 நாட்களுக்குள்' என்ற வாசகத்தில், மே 6 அன்று அறிவிப்பு கிடைத்தால் கடைசி நாள் 20-ஆ, 21-ஆ? 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் வழக்குக்கான காலத்தைத் தொடக்க நாளை விட்டே எண்ணுகிறது. அந்த முறையில் 21. ஒப்பந்தமே வேறு கணக்கைச் சொன்னால் அதுதான் செல்லும். 'ஜூன் 10-க்குள்' என்பதில் 10ஆம் தேதி சேருமா என்று வாதாட இடமுண்டு. மூலம் அந்த நாளையும் சேர்த்தால் 'ஜூன் 10 உட்பட, அன்று வரை' என்றும், சேர்க்காவிட்டால் 'ஜூன் 10-க்கு முன்பாக' என்றும் எழுதலாம். மூலமே மங்கலாக இருந்தால் அந்த மங்கலை மொழிபெயர்ப்பாளர் தாமாகத் தீர்க்காமல் குறிப்பெழுதிக் கேட்க வேண்டும்.